தீமிதிக்கு நெருப்பு எங்கிருந்து வந்தது

திண்டிவனம் என்று சொல்லித்தான் டிக்கெட் வாங்கினேன். இறக்கிவிட்டது பைபாஸில். "ஊருக்குள்ள போவாது சார், ஜல்தி இறங்குங்க, பின்னால வண்டி நிக்குது" என்றார் நடத்துனர். ஈப்போவில் முப்பது வருடம் பேருந்து டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். எங்கள் ஊரில் ஒரு பயணியை இப்படி நடுவழியில் இறக்கிவிட்டால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். அதை அவரிடம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பேருந்து போய்விட்டது. சித்திரை வெயிலில் நானும் என் பெட்டியும் நின்றோம். எதிரே ஒருவர் தர்பூசணியை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு துண்டு தின்ற பிறகு கோபம் இறங்கியது. மலேசியத் தர்பூசணியைவிட இது இனிப்பு என்று அவரிடம் சொன்னேன்.

எதைப் பார்த்தாலும் எங்கள் ஊரோடு ஒப்பிடுவது என் வியாதி. வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். இந்தப் பயணத்தில் அந்த வியாதி என்ன செய்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

நான் வந்தது சுற்றிப் பார்க்க அல்ல, சாட்சி சொல்ல. விழுப்புரம் தாண்டி கெடார் பக்கத்தில் ஒரு கிராமம். பெயரை எழுத வேண்டாம் என்று பச்சையம்மாள் கேட்டுக்கொண்டாள். பச்சையம்மாள் எனக்குத் தங்கை முறை. அவளுடைய தாத்தாவும் என் தாத்தாவும் அண்ணன் தம்பி. தம்பி ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனார். அண்ணன் காலனியிலேயே தங்கி ஊர் நிலத்தில் கூலி வேலை செய்தார். அந்த ஊரில் ஒரு திரௌபதி அம்மன் கோயில் உண்டு. சித்திரையில் காப்புக் கட்டி, பத்தாம் நாள் தீமிதி. குழியில் அடுக்கிய விறகுக்கு வைக்கிற முதல் நெருப்பு காலனியில் இருக்கும் பச்சையம்மாள் வீட்டு அடுப்பிலிருந்துதான் போகும். மேளத்தோடு ஊரே காலனி முனைக்கு வந்து நிற்கும். அவள் மண்சட்டியில் கங்கு எடுத்துவந்து பூசாரி கையில் கொடுப்பாள். இது அவள் பாட்டன் காலத்துக்கும் முந்தைய வழக்கம்.

போன வருடத் திருவிழா முடிந்ததும், இனிமேல் நெருப்பைக் கோயில் விளக்கிலிருந்தே எடுத்துக்கொள்வது என்று கோயில் நிர்வாகம் தீர்மானம் போட்டுவிட்டது. பாதுகாப்புதான் காரணம் என்று எழுதியிருந்தார்கள்.

திண்டிவனத்தில் வழக்கறிஞர் ஜெயராஜின் அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மாடியில் இருந்தது. சுவரில் ஏசுநாதர் படம், மேசையில் திரௌபதி அம்மன் வழக்குக் கட்டு. நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்ததைக் கவனித்துச் சிரித்தார். "சாமி யாரா இருந்தா என்னங்க, சட்டம் ஒண்ணுதான்" என்றார்.

அவர் எனக்குப் பாடம் நடத்தினார். அரசியல் சாசனத்தின் இருபத்தைந்தாவது பிரிவு, அவரவர் மதத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்குக் கட்டுப்பட்டுத்தான். மதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிற உலகியல் காரியங்களை அரசு சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தலாம். இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டம் போடலாம். இருபத்தாறாவது பிரிவு, மதப் பிரிவுகள் தங்கள் மத விஷயங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமையைத் தருகிறது.

"அதுல நமக்கு வழி இல்லைங்க. மதப் பிரிவுன்னா பொதுவான நம்பிக்கை, தனி அமைப்பு, தனிப் பேரு மூணும் காட்டணும். ஒரு வீட்டுக்காரங்க மதப் பிரிவு ஆவ முடியாது. அதனால இருபத்தஞ்சுதான் நமக்கு."

"அப்படியென்றால் நெருப்பு எடுத்துக் கொடுப்பது மத விஷயமா, உலகியல் விஷயமா?"

"கேள்வியே அதாங்க. எல்லாத்தையும் மதம்னு சொல்லிட்டா அரசாங்கம் எதையுமே தொட முடியாது. எல்லாத்தையும் உலகியல்னு சொல்லிட்டா மதத்துக்கு ஒண்ணுமே மிஞ்சாது. அதுக்குத்தான் கோர்ட்டு ஒரு சோதனை வெச்சிருக்குது. அத்தியாவசிய மத வழக்கமான்னு பார்ப்பாங்க. அந்த மதத்தோட நூலு, நம்பிக்கை, விடாம நடந்து வந்த பழக்கம் எல்லாத்தையும் பார்த்துட்டு ஒரு கேள்வி கேப்பாங்க. இதை எடுத்துட்டா அந்த வழிபாட்டோட தன்மையே மாறிடுமா? மாறிடும்னா பாதுகாப்பு உண்டு. மாறாதுன்னா அரசாங்கமோ நிர்வாகமோ மாத்திக்கலாம்."

பச்சையம்மாள் முதலில் உயர்நீதிமன்றத்துக்குத்தான் போனாளாம். வழக்கம் உண்டா இல்லையா என்று சாட்சிகளை விசாரிக்கிற வேலையை ரிட் மனுவில் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு கோயிலின் நிலைபெற்ற வழக்கம் என்ன, யாருக்கு என்ன மரியாதை என்பதை விசாரித்து முடிவு செய்ய அறநிலையச் சட்டத்திலேயே அறுபத்து மூன்றாவது பிரிவு இருக்கிறது. விழுப்புரத்தில் அறநிலையத் துறை இணை ஆணையரிடம் போங்கள், திருவிழாவுக்கு முன் அவர் முடிவு சொல்ல வேண்டும் என்று உத்தரவு. ஜெயராஜ் மனுவில் வழக்கம் என்றும் எழுதினார், அத்தியாவசிய மத வழக்கம் என்றும் எழுதினார். இரண்டாவதுக்குக் கனம் சேர்க்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"கடல் தாண்டிப் போயும் உங்க குடும்பம் இதை விடலைன்னா அது எவ்ளோ பெரிய சாட்சி" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஈப்போவில் எங்கள் தாத்தா கட்டிய அம்மன் கோயில் இருக்கிறது, தீமிதி நடக்கிறது, எங்கள் குடும்பம்தான் முன்னால் நிற்கிறது என்று பிரமாண வாக்குமூலத்தில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். அங்கே நெருப்பு எங்கிருந்து வருகிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் கிராமம். பச்சையம்மாள் வீட்டில் கேஸ் அடுப்பு உண்டு. பின்பக்கம் கீற்றுக் கொட்டகையில் மண் அடுப்பு ஒன்று தனியாக எரிந்துகொண்டிருந்தது. காப்புக் கட்டிய அன்று ஏற்றியது. தீமிதி வரை அணையக் கூடாது. சாப்பாட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதில் காய்ச்ச மாட்டார்கள். கேப்பைக் கூழும் முருங்கைக்கீரைப் பொரியலும் கேஸ் அடுப்பில் செய்து எனக்குப் போட்டாள். அவளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிப் பிடுங்கிக் கை காய்த்திருந்தது. கையில் மஞ்சள் காப்பு.

"அம்மன் இந்த ஊருக்கு வந்த அன்னிக்கு எந்த வூட்லயும் அடுப்பு எரியலையாம் அண்ணே. எங்க வூட்ல மட்டுந்தான் எரிஞ்சுதாம். இங்க வந்து நெருப்பு கேட்டுச்சாம். அதான் கத" என்றாள்.

"இந்த நெருப்பு போகவில்லை என்றால் என்னம்மா ஆகும்?"

விறகைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள். "மீதி நாளெல்லாம் நாங்கதான் ஊருக்குப் போறோம். வேலைக்கு, ரேஷனுக்கு, எல்லாத்துக்கும். வருஷத்துல ஒரு நாளு ஊரு எங்க அடுப்பாண்ட வரும். அது நின்னுடும்."

நாளைக்கு இவளுக்காக நன்றாகப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஊர்த் தெரு முனை டீக்கடையில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் இழுத்து ஆற்றித் தரும் டீயான தே தாரிக்கில் நுரை இதைவிட இரண்டு மடங்கு இருக்கும் என்று கடைக்காரரிடம் சொன்னேன். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர். மரியாதையாகப் பேசினார். மலேசியாவா, அங்கேயும் தீமிதி உண்டா என்று கேட்டார். அவ்வளவுதான், நான் ஆரம்பித்துவிட்டேன். எங்கள் கோயிலில் தீயணைப்பு வண்டி நிற்கும், ஆம்புலன்ஸ் நிற்கும், வரிசைக்கு எண் கொடுப்போம், கருவறை விளக்கிலிருந்து நெருப்பு எடுத்துக் குழிக்கு வைப்போம், எல்லாம் கடிகாரம் மாதிரி நடக்கும் என்று அளந்தேன்.

"விளக்குலேர்ந்தா எடுப்பீங்க?" என்றார் அவர்.

"ஆமாம். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான்."

"அப்படிங்களா" என்றார். என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார். நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை விழுப்புரம் போகிற பேருந்து பஞ்சர். டயர் மாற்றுகிற வரை வேப்பமரத்தடியில் நின்றோம். பச்சையம்மாள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பேஜாராப் பூடும் அண்ணே, நேரத்துக்குப் போவணும்" என்றாள். கடைசியில் ஓர் ஆட்டோவைப் பிடித்து, வழியெல்லாம் நான் ஓட்டுநரை விரட்டி, சரியாகப் பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த ஆட்டோ கிடைக்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

விசாரணை அறை சின்னது. இணை ஆணையர் பொறுமையானவர். முதலில் பச்சையம்மாளிடம் நிதானமாகக் கேட்டு ஒவ்வொரு பதிலையும் தட்டச்சு செய்யச் சொன்னார். எதிர்த்தரப்பு நாற்காலியில் டீக்கடைப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் கோயிலின் அறங்காவலர். எனக்குக் கைகூப்பினார். நானும் கூப்பினேன். நேற்று அவரிடம் அளந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது.

என்னைக் குறுக்கு விசாரணை செய்த எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குரலை உயர்த்தவே இல்லை.

"ஈப்போ கோயிலும் இதே அம்மன்தானே?"

"ஆமாம்."

"கட்டியது மனுதாரரின் குடும்பத்தைச் சேர்ந்தவர்தானே?"

"என் தாத்தா."

"அங்கே குழிக்கு நெருப்பு எங்கிருந்து எடுக்கிறீர்கள்?"

ஜெயராஜ் தலை நிமிர்ந்தார். நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல எனக்குத் தெரியாது. "கோயில் விளக்கிலிருந்து" என்றேன்.

"எவ்வளவு காலமாக?"

"எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து."

"அதனால் தீமிதி தீமிதி இல்லாமல் போய்விட்டதா? அம்மன் ஏற்றுக்கொள்ளவில்லை என்று யாராவது சொன்னார்களா?"

"இல்லை. ஏற்றுக்கொள்கிறாள்."

அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு வாதம் என்று அதிகம் இல்லை. தீமிதி அத்தியாவசியம்தான், அதை யாரும் தடுக்கவில்லை என்றார். நெருப்பு எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பது அத்தியாவசியம் அல்ல, மனுதாரரின் சொந்தக் குடும்பமே அதை விட்டுவிட்டு வழிபடுகிறது என்றார். குழியின் ஆழம், கூட்டத்துக்குத் தடுப்பு, எரியும் கங்கைத் தெருவில் தூக்கிவருவது எல்லாம் பாதுகாப்பு ஏற்பாடு, அதை நிர்வாகம் முறைப்படுத்தலாம் என்றார்.

ஜெயராஜ் எழுந்து, இது அந்த மதத்தின் எல்லா அம்மன்களையும் பற்றிய கேள்வி அல்ல, இந்தக் கோயிலின் வழக்கம் என்ன என்பதுதான் கேள்வி என்றார். இணை ஆணையர் கண்ணாடியைக் கழற்றி, "நீங்கதானே சார் அத்தியாவசியம்னு மனுவுல எழுதியிருக்கீங்க? மலேசியா சாட்சியையும் நீங்கதானே கூட்டிவந்தீங்க?" என்று கேட்டார். அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டார். உத்தரவு நாளை மாலைக்குள் என்று சொல்லி விசாரணையை முடித்தார்.

வெளியே புளியமரத்தடியில் ஜெயராஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க மேல தப்பில்லைங்க. வழக்கம்னு மட்டும் கேட்டிருந்தா இந்த ஊர்ல நடந்ததைக் காட்டினாலே போதும். நான்தான் பெருசாப் பண்றேன்னு கதவைத் திறந்துவுட்டுட்டேன்" என்றார்.

அவர் கதவைத் திறந்தார், நான் எதிர்த்தரப்பை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து டீயும் குடித்தேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே பரோட்டா வாங்கி வைத்துக்கொண்டு தின்ன முடியாமல் அமர்ந்திருந்தேன். பச்சையம்மாள் காப்புக் கட்டியிருந்ததால் தண்ணீர்கூட வெளியில் குடிக்கவில்லை.

"வுடுங்கண்ணே, கேட்டாங்க, சொன்னீங்க. சாமி மேல சத்தியம் பண்ணிக்கினு வேற இன்னா சொல்ல முடியும்" என்றாள்.

மாலை ஐந்து மணிக்கு ஈப்போவில் இருக்கும் என் அக்காவுக்குத் தொலைபேசினேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஏன்டா, அந்த விளக்கை யாரு ஏத்தினதுன்னு கேட்கலையா?" என்றாள்.

"கேட்கவில்லை. பூசாரிதானே ஏற்றுவார்?"

"பூசாரி கையில திரியைக் கொடுக்கிறது யாரு? காப்புக் கட்டுற அன்னைக்கு விடியறதுக்கு முன்ன நம்ம வீட்டு அடுப்புலதான் அம்மா திரி கொளுத்திக்கிட்டுப் போவாங்க. தோட்டத்துல லயத்து வீட்டு நெருப்பை வெளியே தூக்கிட்டு நடக்கக் கூடாதுன்னு வெள்ளைக்காரத் துரை தடுத்துட்டானாம். அதனால விளக்குல மறைச்சு எடுத்துப் போனாங்க. அம்மாவுக்கு அப்புறம் நான்தான். இப்ப கேஸ் அடுப்புலேர்ந்து. நீ என்னைக்காவது ஆறு மணிக்கு முன்ன எழுந்திருச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதனுக்குத் தன் வீட்டு அடுப்பைப் பற்றித் தெரியவில்லை. தீயணைப்பு வண்டி எங்கே நிற்கும் என்று தெரியும், வரிசை எண் எத்தனை என்று தெரியும். நான் சொன்னது பொய் இல்லை, ஆனால் உண்மையில் பாதிகூட இல்லை. பேருந்து நிலைய நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன்.

நான்காம் நாள் காலையில் ஜெயராஜும் நானும் கூடுதல் வாக்குமூலத்தோடு அலுவலக வாசலில் நின்றோம். இணை ஆணையர் அதை முழுவதும் படித்தார். "இதை எடுத்துக்கிட்டா எதிர்த்தரப்புக்கு உங்களைத் திரும்பக் குறுக்கு விசாரணை பண்ண வாய்ப்பு தரணும். உங்க அக்காவும் வரணும். நாளைக்குத் தீமிதி. அதுக்கு முன்ன உத்தரவு போடணும்னு உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கு. மேல்முறையீட்டுல தாக்கல் பண்ணுங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

மாலையில் உத்தரவு வந்தது. தீமிதி நிலைபெற்ற வழக்கம். நெருப்பு எங்கிருந்து வருகிறது என்பது அத்தியாவசியப் பகுதி என்று நிரூபிக்கப்படவில்லை. மனுதாரர் தரப்புச் சாட்சியே அதற்கு மாறாகச் சொல்லியிருக்கிறார். இந்தக் கோயிலின் வழக்கம் என்று பார்த்தாலும், பழைய திருவிழா அழைப்பிதழ்களிலோ பதிவேட்டிலோ அது எழுதப்படவில்லை. ஆகவே நிர்வாகத்தின் ஏற்பாட்டில் தலையிட முகாந்திரம் இல்லை. மனுதாரர் குடும்பத்துக்கு முதல் மஞ்சள் நீர் மரியாதை தரப்பட வேண்டும். அறுபது நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்குப் பிறகு நீதிமன்றம்.

பச்சையம்மாளுக்கு ஜெயராஜ் படித்துக் காட்டினார். "அழைப்பிதழு அச்சடிக்கிறவங்க ஊர்க்காரங்க. எங்க பேர எதுல போட்டாங்க, இதுல போட?" என்றாள். பிறகு, "எங்க அப்பாவ கோயிலுக்குள்ள வுடுன்னு சட்டம் போட்டது சர்க்காரு. அந்தச் சட்டத்த நான் மறக்க மாட்டேன். அதே சர்க்காருதான் இப்ப இதயும் சொல்லுது. நான் யார்கிட்ட போயி இன்னான்னு கேக்கறது?" என்றாள். ஜெயராஜ் உத்தரவை மடித்துப் பைக்குள் வைத்தார்.

ஐந்தாம் நாள் தீமிதி. நெருப்பெடுக்க மேளம் வருடா வருடம் காலை எட்டு மணிக்குக் காலனி முனைக்கு வருமாம். எட்டு மணிக்கு மேளச் சத்தம் கேட்டது. பச்சையம்மாள் தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புதுமண்சட்டி, வேப்பிலை. எதற்கு எடுத்து வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. மேளம் நெருங்கியது, கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் அடித்தது, பிறகு திரும்பிக் கோயில் பக்கம் போனது. பெரியவர் ஒருவேளை முனை வரை வந்து தயங்கியிருப்பார் என்று நினைக்கப் பார்த்தேன். தெரியாது.

"ராத்திரியெல்லாம் முழிச்சிக்கினு இந்த நெருப்பக் காத்தேன் அண்ணே" என்றாள். "தண்ணி ஊத்தி அணைக்க மனசு வரல."

எழுந்து போய் ஒரு சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்த அடுப்பின் மேல் வைத்தாள். தேயிலை போட்டாள், கொதிக்கவிட்டாள், பால் ஊற்றினாள். பத்து நாளாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் காய்ச்சாத நெருப்பு. நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் டம்ளரை எடுத்துவிட்டாள்.

"சாயங்காலம் மிதிக்கப் போவியாம்மா?" என்று கேட்டேன்.

"போவாம? காப்புக் கட்டிக்கினு இருக்கேன். அம்மன் இன்னா பண்ணுச்சு? மஞ்சத்தண்ணி மரியாத மட்டும் எனக்கு வாணாம், வேற யாருக்கானா குடுக்கட்டும்." வடிகட்டிக்கொண்டே கேட்டாள். "அக்கா அங்க கேஸ் அடுப்புலேர்ந்துதான எடுக்குது?"

"ஆமாம்மா."

"எடுக்கட்டும். அக்கா உள்ளவரைக்கும் வுடக் கூடாதுன்னு நான் சொன்னதாச் சொல்லுங்க. அப்பீலுக்கு அக்காவையும் இட்டுக்கினு வாங்க."

டம்ளரை என் கையில் கொடுத்தாள். அவள் விரதம், குடிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து நான் குடிப்பதைப் பார்த்தாள்.

"எப்பிடி அண்ணே இருக்குது, உங்க ஊரு டீ மாதிரி இருக்குதா?"

கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.